பின் செய்த அட்டவணையில் எடிட் வரவில்லை

"வாட்ஸப் குரூப்ல தண்ணி லாரி டைம்டேபிளை பின் பண்ணியிருக்கேன். புதன்கிழமை டைம் மாறிடுச்சு, எடிட் ஆப்ஷனே காட்டல. கீழ திருத்தம் போட்டா யாரும் பாக்கறதில்ல."

அனுப்பி 15 நிமிடம் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு எடிட் கிடையாது, பின் செய்திருந்தாலும் சரி, நீங்கள் அட்மினாக இருந்தாலும் சரி. அனுப்பிய நேரத்தைப் பாருங்கள். அதோடு, அந்த மெசேஜை அனுப்பியது நீங்கள்தானா என்றும் பாருங்கள். அடுத்தவர் மெசேஜை அட்மினாலும் திருத்த முடியாது.

இப்போது செய்ய வேண்டியது:

1. பழைய மெசேஜைக் காப்பி செய்து, புதன் வரியை மட்டும் மாற்றி, முழு அட்டவணையாகவே புதிதாக அனுப்புங்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: "12-ம் தேதி திருத்தியது: புதன் காலை 6 அல்ல, 7.30".
2. பழையதை அன்பின் செய்து, புதியதைப் பின் செய்யுங்கள். காலம் கேட்கும்போது 30 நாள் கொடுங்கள்; 7 நாள் என்றால் அடுத்த வாரமே காணாமல் போய்விடும்.
3. எல்லோருக்குமாக டெலீட் செய்யும் ஆப்ஷன் இன்னும் காட்டினால், பழையதை அப்படி டெலீட் செய்யுங்கள்; அனுப்பி இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் அது காட்டாமல் போகலாம். இதை விட்டால் தேடுபவர் கையில் பழைய நேரம்தான் சிக்கும்.

அடிக்கடி நேரம் மாறுமென்றால் அட்டவணையை குரூப் டிஸ்கிரிப்ஷனில் வைப்பதே மேல். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஒன்று கவனம்: 15 நிமிடத்துக்குள் எடிட் செய்தாலும் யாருக்கும் நோட்டிஃபிகேஷன் போகாது. ஏற்கெனவே படித்தவர்கள் பழைய நேரத்துக்கே குடத்தோடு நிற்பார்கள். ஆகவே "புதன் நேரம் மாறியது, பின்னில் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி போடுங்கள். நேரத்தை அதில் எழுதாதீர்கள்.