அந்த 900 ரூபாயைத் திருப்பி வைத்தீர்களா?

கேள்வி: அம்மா, என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். மாதம் 1,000 ரூபாய் கைச்செலவுக்குத் தருகிறோம். சேமிப்பு, செலவு, தர்மம் என்று மூன்று டப்பா வைத்துக் கொடுத்தேன். பேட்மின்டன் ராக்கெட் வாங்க வேண்டும் என்று முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் சேர்த்தான். இப்போது வாங்கிய நாலு நாளில் எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறான். நடுவில் ஒருமுறை கேஸ் சிலிண்டருக்கு அவசரம் என்று அவன் சேமிப்பில் இருந்த 900 ரூபாயை எடுத்தேன், வீட்டுக்குத்தானே. அவன் தங்கை இன்னமும் சேர்த்து வைக்கிறாள். இவனை எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்த 900 ரூபாய் திரும்ப டப்பாவுக்குப் போனதா? வைத்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் சேர்த்த பையன் எப்போது நிறுத்தினான் என்று நாள்காட்டியைப் பாருங்கள். சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சேர்த்து வைத்தால் அம்மா எடுத்துக்கொள்வாள், செலவு செய்தால் அனுபவித்த வரை மிச்சம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கில் தப்பில்லை. தங்கையின் டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை, அதனால் அவள் சேர்க்கிறாள்.

அரிசிப் பானைக்குள் நீங்கள் போட்டு வைக்கும் சிறுவாட்டை உங்கள் கணவர் கேட்காமல் எடுத்து, "வீட்டுக்குத்தானே" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எத்தனை பெண்கள் எனக்கு அதை எழுதி அழுதிருக்கிறார்கள்! அதே வலியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அவனைத் திருத்த வழி கேட்கிறீர்கள்.

வீட்டுக் கஷ்டத்தில் பிள்ளைக்குப் பங்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்புப் பையனுக்கு வீட்டு நிலைமை தெரியத்தான் வேண்டும். "சம்பளம் வர நாலு நாள் ஆகும், சிலிண்டர் தீர்ந்துவிட்டது, உன் பணத்தைத் தருகிறாயா?" என்று கேட்டிருந்தால் பெருமையாகக் கொடுத்திருப்பான். அவன் மறுத்தால் அதற்கும் நீங்கள் கட்டுப்பட்டிருக்க வேண்டும். பிள்ளையிடம் பெற்றவர்கள் வாங்கினாலும் கடன் கடன்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, "உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு" என்று சொல்லுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் வாரம் 300 என்று மூன்று வாரத்தில் கொடுத்து முடியுங்கள். ஒரு நோட்டில் அவனே தேதி போட்டு எழுதட்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கடன் தீர்கிறவரை அவனுக்குச் சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை உபதேசம் கூடாது.

பிறகு, மாதம் 1,000 என்பதை வாரம் 230 ஆக மாற்றுங்கள். அந்த வயதில் முப்பது நாள் நீண்ட தூரம், ஏழு நாளை அவனால் சமாளிக்க முடியும். பணத்தை ஒரு 100, ஆறு 20, ஒரு 10 என்று சில்லறையாகவே கொடுங்கள். முழு 500 ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டுப் பிரித்துப் போடு என்றால் எப்படிப் பிரிப்பான்? செலவுக்கு 140, சேமிப்புக்கு 70, தர்மத்துக்கு 20 என்று வாங்கிய இடத்திலேயே போட்டுவிடலாம். பள்ளி நோட்டு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் உங்கள் பொறுப்பு. தின்பண்டமும் நண்பனின் பிறந்தநாள் பரிசும் அவன் பொறுப்பு. புதன்கிழமையே 140 தீர்ந்துவிட்டால் ஞாயிறு வரை வெறுங்கையோடு இருக்கட்டும். பாட்டி ரகசியமாகக் கொடுத்தால் எல்லாம் கெட்டுப்போகும், அவரிடமும் சொல்லி வையுங்கள்.

ராக்கெட் விலை 1,450 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திருப்பித் தரும் 900 போக 550 வேண்டும். வாரம் 70 என்றால் எட்டு வாரம். முதல் குறி இப்படி இரண்டு மாதத்துக்குள் கைக்கு எட்ட வேண்டும், ஒரு வருஷம் என்றால் பாதியில் விட்டுவிடுவான். வாங்கிய பிறகு அடுத்த குறியை அவனே சொல்லட்டும்.

தர்ம டப்பா யாருக்கு என்பதையும் அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் எடுத்துப் போய்க் கோயில் உண்டியலில் போட்டால் அது உங்கள் தர்மம். பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தானென்றால் அவன் கையால் கொடுத்த சுகம் அவனுக்குத் தெரியும். என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள், குறை சொல்லாதீர்கள்.

ராக்கெட் வாங்கிய பின் அடுத்த 500 சேர்ந்ததும் தபால் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பத்து வயது முடிந்த பிள்ளைகள் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தாங்களே இயக்கலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். பணம் எடுக்கும் படிவத்தில் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்புக்கை உங்கள் பீரோவில் வைக்காதீர்கள், அவன் அலமாரியிலேயே இருக்கட்டும்.