பின் நம்பரைச் சொல்லவே இல்லை, பணம் எப்படிப் போனது?

கேள்வி: கேஸ் சிலிண்டருக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது என்று, கூகுளில் கிடைத்த கஸ்டமர் கேர் நம்பருக்கு அப்பா போன் செய்தார். அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் ஆப்பை இறக்கி, லிங்க்கில் 10 ரூபாயும் கட்டினார். ரீஃபண்ட் வரவில்லை, கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 38,400 ரூபாய் போய்விட்டது. பின் நம்பர், ஓடிபி எதையும் யாரிடமும் சொல்லவில்லை என்கிறார். இது எப்படிச் சாத்தியம்? பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, ஈரோடு

பதில்: அப்பா சொல்வதை நம்புங்கள். அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே எதிராளிக்கு இல்லை. எனிடெஸ்க்கில் தெரிந்த எண்ணைப் படித்துச் சொல்லி, வந்த கேள்விக்குச் சம்மதம் கொடுத்த நொடியிலிருந்து அவர் போனில் தெரிவதெல்லாம் அங்கேயும் தெரியும்.

பேமெண்ட் ஆப்பில் பின் போடும் பக்கம் பெரும்பாலும் எதிராளிக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ஆப் செய்கிறவர்களே அப்படி மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த மறைப்பு அந்தப் பக்கத்தோடு சரி. பிரவுசரில் திறக்கும் படிவத்துக்கும், மெசேஜ் பெட்டிக்கும், மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்புக்கும் கிடையாது. அந்த 10 ரூபாய் லிங்க்கில் அப்பா டெபிட் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் மூன்றையும் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த 10 ரூபாய் அதற்கான சாக்குதான். பிறகு அதே கார்டை எதிராளி வேறு தளத்தில் போட, ஓடிபி அப்பாவின் போனுக்கு வந்திருக்கும். அதைத் திரையிலேயே படித்துக்கொண்டான். "ரீஃபண்ட் ஏறுது சார், போனைத் தொடாதீங்க" என்று அந்த நேரத்தில் சொன்னார்களா, கேட்டுப்பாருங்கள்.

பார்ப்பதோடு நிற்காமல் போனை இயக்கவும் முடியும். ஆண்ட்ராய்டில் அதற்குத் தனியாக ‘அணுகல்தன்மை’ அனுமதி வேண்டும், அதையும் பேச்சோடு பேச்சாக வாங்கிவிடுவார்கள். அது கிடைத்தால் மெசேஜை அவனே திறந்து படிக்கலாம், வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை அழிக்கலாம். ஆண்ட்ராய்டு 15-ல் திரையைப் பகிரும்போது ஓடிபி அறிவிப்பை மறைக்கும் வசதி வந்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் பெரும்பாலும் பழைய போன்தானே! ஐபோனில் வெளியாள் இப்படி இயக்க முடியாது, ஆனால் பார்க்க முடியும். கார்டு எண்ணையும் ஓடிபியையும் திருட அதுவே போதும்.

என் ஊகம் சரிதானா என்று வங்கி ஸ்டேட்மெண்ட் காட்டிவிடும். அந்த இரண்டு வரிகளில் ECOM என்றோ POS என்றோ இருந்தால் கார்டு வழியாகப் போயிருக்கிறது. UPI என்றிருந்தால் விஷயம் வேறு. மெசேஜ் பெட்டியில், அப்பாவின் போனிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட குறுஞ்செய்திகளைப் பாருங்கள். பொருளில்லாத எழுத்துக்குவியலாக ஒன்று போயிருந்தால், அவருடைய எண்ணை எதிராளி தன் போனில் யுபிஐக்குப் பதிவு செய்திருக்கலாம். கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதமும் ஓடிபியும் இருந்தால், புதிய பின்னையும் அவனே வைத்துக்கொள்வான். அப்படியானால் எனிடெஸ்க்கை நீக்கினாலும் கணக்கு அவன் கையில்தான். கார்டோடு யுபிஐ வசதியையும் முடக்கச் சொல்லுங்கள்.

இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இப்போதே அந்த போனில் நெட்டை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து முதலில் வங்கிக்கும் அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே இன்னும் கிடந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா பேசிய எண், லிங்க், மெசேஜ் எல்லாவற்றையும் வேறொரு போனால் படம் எடுத்த பிறகு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். எனிடெஸ்க்கை மட்டும் நீக்கினால், கூடவே வேறு ஏதாவது ஏற்றியிருந்தால் அது தங்கிவிடும்.

எனிடெஸ்க் திருட்டு ஆப் இல்லை, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். நீங்களே அப்பாவின் போனைத் தூரத்திலிருந்து சரிசெய்யும் நாளும் வரலாம். அப்போது பகிர்வை நிறுத்திவிட்டு, பகிர்வைக் காட்டும் சின்னம் திரையின் மேலே மறைந்ததைப் பார்த்த பிறகே அவர் பேமெண்ட் ஆப்பைத் திறக்கட்டும். வாட்ஸ்அப் வீடியோ காலிலும் திரையைப் பகிரலாம், அதுவும் இதே கதைதான்.

பணத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் நடந்த இழப்பு, புகார் சொல்லும் நேரம் வரை அவருடையது, அதற்குப் பிறகு போகும் தொகை வங்கியுடையது. ஆகவே புகார் சொன்ன நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். அப்பாவே திரையைக் காட்டினார் என்று வங்கி முதல் பதிலில் கைவிரிக்கக்கூடும், 38,400 முழுவதும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, cms.rbi.org.in வழியாக, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.