வெயில் தலைவலி: தண்ணீர் குடித்தும் ஏன் விடவில்லை?

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பைக்கில் டெலிவரி வேலை. தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் ரெண்டு நெற்றிப்பொட்டும் விண்விண்ணுன்னு தெறிக்குது.

அந்த மூன்று லிட்டரையும் எந்தெந்த நேரத்தில் குடிக்கிறீர்கள்?

காலையில ஒண்ணரை. வீட்டுக்கு வந்ததும் மடமடன்னு ஒண்ணரை. நடுவுல அவ்வளவா இல்ல.

அதுதான் விஷயம். வெயில் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே எதுவும் போகவில்லை. சாயங்காலம் ஒரேயடியாக வெறும் தண்ணீரை ஊற்றினால் இரத்தத்தின் உப்பு கொஞ்சம் நீர்த்துப்போகும். தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் அதில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும். சிறுநீர் தெளிவாக வருகிறதே என்று நிம்மதியாகிவிடுவோம், ஆனால் இழந்தது முழுதாகத் திரும்பியிருக்காது.

ஒரு நாள் இப்படிப் பாருங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் எடை போடுங்கள். திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு, அதே அளவு துணியோடு, தண்ணீர் குடிக்கும் முன் இன்னொரு முறை போடுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. காலையில் 68 கிலோ, மாலையில் 66.8 என்றால் குறை 1.2 லிட்டர். குடிப்பதில் கொஞ்சம் சிறுநீராகவும் போகுமென்பதால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே குடிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குப் பரப்புங்கள். கூடவே உப்புப் போட்ட சாப்பாடும் சாப்பிட்டால் பலருக்கு அதுவே போதும். நீர் குறைந்து வந்த தலைவலி என்றால் பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் இறங்கிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கிக் குடிச்சேன். வயிறுதான் கெட்டுப்போச்சு. அதெல்லாம் சும்மா.

பாக்கெட்டில் என்ன அளவு போட்டிருந்தது? பெரிய பாக்கெட் என்றால் அது ஒரு லிட்டருக்கானது. ஒரு டம்ளரில் கலந்தால் அந்தக் கரைசல் உங்கள் இரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தி. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வயிற்றுப்போக்கும் வரும். சரியான அளவில் கலந்தால் குடல் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்தே உள்ளே எடுக்கும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். சர்க்கரைக்கு அங்கே உள்ள வேலை அதுதான், ருசி இல்லை. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்காதீர்கள். அப்புறம், அட்டையில் எலக்ட்ரோலைட் என்று போட்டிருக்கும் எல்லா பானமும் இதற்குச் சமமில்லை. சிலவற்றில் சர்க்கரை தூக்கலாகவும் உப்பு பேருக்கும்தான் இருக்கும்.

வெளியில கழிப்பறை கிடைக்காதுன்னு வேணும்னே குடிக்கறதில்ல. பெண்களுக்கு வேற வழி இல்ல.

இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிப்பதைவிட, இரண்டு மூன்று வாயாக அடிக்கடி குடித்தால் சிறுநீர்ப்பை அவ்வளவு சீக்கிரம் முட்டாது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, உபரி கழிந்ததும் புறப்படுவது சிலருக்கு ஒத்துவருகிறது.

உப்பு சேர்த்தா பிபி ஏறும்னு சொல்றாங்க. வெறும் தண்ணியே நல்லது, எவ்வளவு குடிச்சாலும் தப்பில்ல.

முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் தொந்தரவு உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும். வியர்வையோ வயிற்றுப்போக்கோ வாந்தியோ இல்லாத நாளில் யாருக்குமே ஓ.ஆர்.எஸ். அவசியமில்லை. இரண்டாவது பாதி ஆபத்து. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தொடர்ந்து குடித்தால் சிறுநீரகம் ஈடுகொடுக்காது. உப்பு நீர்த்துப்போயும் தலைவலி வரும், குமட்டலும் வரும். தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தலைவலி ஏறினால், விரல் வீங்கி மோதிரம் இறுகினால், குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்கு வெயில் கண்ணுல பட்டாலே ஒரு பக்கம் மட்டும் வலி, வாந்தி. ஓ.ஆர்.எஸ். குடிச்சும் போகல.

நீங்கள் சொல்வது ஒற்றைத் தலைவலி மாதிரி இருக்கிறது. வெயில் அதைத் தூண்டிவிடும், நீர் குறைந்தாலும் தூண்டும், ஆனால் தண்ணீர் மட்டும் அதை நிறுத்தாது. அதற்குத் தனி மருந்து உண்டு, மருத்துவரைப் பாருங்கள்.

வலி மாத்திரை போடலாமா?

முதலில் நிழல், தண்ணீர். பிறகும் வலித்தால் பாராசிட்டமால், அட்டையில் உள்ள அளவுக்குள். நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம், சிறுநீரகத்துக்குச் சுமை.

நீர் குறைஞ்சா தலை ஏன் வலிக்கணும்? மூளை சுருங்குதா?

அப்படி ஒரு கருத்து உண்டு, மூளையைச் சுற்றிய உறை இழுபடுகிறது என்பார்கள். முடிவாக நிரூபணமாகவில்லை.

கூட்டத்துல ஒருத்தர் உளற ஆரம்பிச்சா?

அது தலைவலிக் கணக்கில் சேராது. பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ உயிருக்கே ஆபத்தான ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, அது வருவதற்குள் நிழலுக்கு நகர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.