ஷேக்ஸ்பியருக்குப் பதினெட்டு வயதில் கல்யாணமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவுக்காக ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் வம்சாவளிப் படம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய கல்யாணம் 1582 என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அப்படியானால் வயது பதினெட்டுதான். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்கள் சராசரியாக 28 வயதில்தான் மணந்தார்கள் என்று படித்தேன். இன்னொரு பக்கம் ஜூலியட்டுக்குப் பதினான்குகூட நிறையவில்லை, அந்தக் காலத்தில் எல்லோருமே சின்ன வயதில் மணந்தவர்கள்தானே என்கிறார் நண்பர். நூற்றாண்டின் வழக்கமான வயதை வைத்து ஒரு கல்யாணத் தேதியை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியுமா? 1582ஐ அடித்துவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடிக்காதீர்கள். ஆனால் உங்கள் சந்தேகம் சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது. பதினெட்டு வயது மாப்பிள்ளை அந்த ஊருக்கு அபூர்வம்தான்.

முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். பழைய காலம் என்றாலே பால்ய விவாகம் என்று நமக்குத் தோன்றுவது நம் வீட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால். 1909இல் ராமானுஜன் ஜானகியை மணந்தபோது அவருக்கு 21, ஜானகிக்குப் பத்து. அந்தக் கண்ணோடு இங்கிலாந்தைப் பார்த்தால் தப்பாகிவிடும். 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாதாரணக் குடியானவர், கைத்தொழில்காரர் வீடுகளில் முதல் கல்யாணத்தின் சராசரி வயது ஆணுக்கு 28, பெண்ணுக்கு 26 அளவில் இருந்தது. கல்யாணம் என்றால் தனிக்குடித்தனம் என்பது அவர்கள் வழக்கம். அதற்குக் கையில் காசு வேண்டும். பதின்வயதில் பிறத்தியார் வீட்டில் வருஷக் கூலிக்கு வேலைக்குப் போவார்கள், தொழில் கற்கப் போகிறவன் பயிற்சி முடியும்வரை மணக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் சேருவான், 1563ஆம் ஆண்டுச் சட்டமோ நகரத்தில் அந்தப் பயிற்சி 24 வயதுக்கு முன் முடியக் கூடாது என்றது. இதெல்லாம் கடந்து கல்யாணத்துக்கு வரும்போது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும்.

ஜூலியட் இந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். அவள் இத்தாலியப் பிரபு வீட்டுப் பெண், அதுவும் நாடகப் பாத்திரம். பிளாரன்ஸ் நகரின் 1427ஆம் ஆண்டு வரிக்கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் அங்கே பெண்கள் 18 வயதுவாக்கிலும் ஆண்கள் முப்பதை ஒட்டியும் மணந்ததைக் கண்டார்கள். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே வயது கிடையாது. இங்கிலாந்திலேயே பிரபு குடும்பங்கள் தனி. ஏழாம் ஹென்றி பிறந்தபோது அவருடைய தாய் மார்கரெட் போஃபர்ட்டுக்கு வயது பதின்மூன்று. சொத்தும் வாரிசும் பேசும் வீட்டில் வயதைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. அதனால் 'அந்த நூற்றாண்டின் வழக்கம்' என்று யாராவது சொன்னால் எந்த ஊர், எந்த வர்க்கம், ஆணா பெண்ணா, முதல் கல்யாணமா இரண்டாவதா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்தச் சராசரி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். பிற்பாடு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் முக்கியமானவர்கள், அந்தப் பதிவேடுகளில் ஒரே ஆளின் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் தேடிச் சேர்த்து வயது கண்டார்கள். அருமையான வேலை. ஆனால் பிறந்த ஊரிலேயே மணந்தவர்தான் இந்த வலையில் நன்றாகச் சிக்குவார், வேறு ஊர் போனவர் நழுவிவிடுவார். அப்புறம், சராசரி 28 என்றால் எல்லோரும் 28இல் மணந்தார்கள் என்று ஆகாது. 22இல் மணந்தவனும் 35இல் மணந்தவனும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

சரி, இப்போது ஷேக்ஸ்பியர். சராசரியை எடுப்பதற்கு முன் 1582 என்ற ஆண்டு எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். கோயிலில் நடந்த கல்யாணத்தின் பதிவு கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது வூஸ்டர் பிஷப் அலுவலகத்தின் இரண்டு குறிப்புகள். 1582 நவம்பர் 27 அன்று திருமண லைசென்ஸ் பதிவு. மறுநாள், நவம்பர் 28, நாற்பது பவுண்டு ஜாமீன் பத்திரம். ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர்கள் இருவர் அதற்குப் பொறுப்பேற்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று முறை கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டிய இடத்தில் ஒரு முறை வாசித்தால் போதும் என்று அந்தப் பத்திரம் அனுமதிக்கிறது. ஏன் அவசரம்? டிசம்பர் 2ஆம் தேதி கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அப்புறம் ஜனவரி பாதிவரை ஓலை வாசிக்க முடியாது. மூத்த மகள் சூசன்னாவுக்கு ஞானஸ்நானம் 1583 மே 26. பத்திரத்திலிருந்து ஆறே மாதம். மணப்பெண் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

மாப்பிள்ளையின் ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26. ஆக, பத்திரம் எழுதிய அன்று அவருக்குப் பதினெட்டரை வயது. வழக்கத்துக்கு மாறுதான், ஆனால் ஏன் மாறினார் என்ற காரணம் அதே ஆவணங்களுக்குள்ளேயே இருக்கிறது. சட்டப்படியும் தடையில்லை. அன்றைய சட்டத்தில் ஆணுக்குக் குறைந்தபட்சம் 14, பெண்ணுக்கு 12. 1582ஐச் சந்தேகிக்க ஒரு இடம் உண்டுதான். லைசென்ஸ் பதிவில் மணப்பெண் பெயர் ஆன் வேட்லி என்று இருக்கிறது, மறுநாள் பத்திரத்தில் ஆன் ஹாத்வே என்று இருக்கிறது. குமாஸ்தாவின் கைப்பிழை என்பதே பெரும்பாலானோர் கருத்து. சண்டை போடுவதென்றால் அங்கே போடலாம். வயதை வைத்துப் போட முடியாது.

ஆன் பக்கம் பாருங்கள். அவர் 1623 ஆகஸ்ட் 6 அன்று 67 வயதில் இறந்தார் என்று கல்லறைத் தகடு சொல்கிறது. பின்னோக்கிக் கழித்தால் கல்யாணத்தின்போது 26, மிஞ்சிப்போனால் 27. அப்படியே சராசரி. 'ஷேக்ஸ்பியர் தன்னைவிட எட்டு வயது மூத்த முதிர்கன்னியைக் கட்டினார்' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். முதிர்கன்னி என்று சொல்ல எதுவும் இல்லை, அந்த ஊர்ப் பெண்கள் மணந்த வயதில்தான் அவரும் மணந்தார். ஆனால் ஆனுக்கு ஞானஸ்நானப் பதிவு இல்லை என்பதால் அந்த வயது முழுக்க முழுக்கத் தகட்டின் இரண்டு இலக்கங்கள்மேல் நிற்கிறது. படத்தில் அதையும் எழுதுங்கள்.

வழக்கமான வயது நிஜமாகவே உதவுவது ஆவணம் இல்லாத இடத்தில். உங்கள் படத்திலேயே இருக்கிறது: ஷேக்ஸ்பியரின் பெற்றோர், ஜானும் மேரி ஆர்டெனும். அவர்கள் கல்யாணம் 1557 என்று பல புத்தகங்களில் பார்ப்பீர்கள். அப்படி ஒரு பதிவு கிடையாது. மேரியின் அப்பா ராபர்ட் 1556 நவம்பரில் எழுதிய உயிலில் மேரி இன்னும் கல்யாணமாகாத மகள். முதல் குழந்தை ஜோனின் ஞானஸ்நானம் 1558 செப்டம்பர் 15. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ கல்யாணம். இங்கிலாந்தில் கல்யாணமும் சேர்ந்து வாழ்வதும் ஒன்றாகவே தொடங்கும், முதல் குழந்தை பெரும்பாலும் ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிடும், அதனால் முதல் ஞானஸ்நானத்திலிருந்து பின்னோக்கிப் போய்க் கல்யாணத்தைக் குறுக்கலாம். நம் ஊர் பால்ய விவாகத்தில் இந்தக் கணக்கு உதவாது. ஜானகி கணவரோடு வாழ வந்ததே கல்யாணம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, வம்சாவளிப் படங்களில் இதில் விழாதவர்கள் குறைவு. மேரியின் பிறந்த ஆண்டு 1537 என்றும் 1540 என்றும் போட்டிருப்பார்கள். அதற்கும் ஆவணம் இல்லை. கல்யாணம் இந்த ஆண்டுவாக்கில், பெண்ணுக்கு அப்போது இருபது இருக்கலாம், ஆகவே பிறந்தது இந்த ஆண்டு என்று யாரோ கழித்துப் போட்டது. அடுத்து வருபவர் அந்தப் பிறந்த ஆண்டை நிஜம் என்று எடுத்துக்கொண்டு, கல்யாணத்தில் வயது இருபது, பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆகவே 1557 சரி என்கிறார். போட்ட எண்ணே திரும்பி வந்து சாட்சி சொல்கிறது. பிறந்த ஆண்டுக்குத் தனியாக ஒரு ஆதாரம் இல்லாவிட்டால் அதிலிருந்து கல்யாண வயதைக் கணக்கிடவே கூடாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு மரத்தில் எல்லாப் பெண்களும் சரியாக இருபதிலும் எல்லா ஆண்களும் சரியாக இருபத்தைந்திலும் மணந்திருந்தால் யாரோ கழித்துப் போட்டிருக்கிறார்கள். நிஜக் குடும்பத்தில் வயதுகள் சிதறிக் கிடக்கும். ஷேக்ஸ்பியரின் மகள்களில் சூசன்னா 24 வயதில் மணந்தார், ஜூடித் 31இல், பேத்தி எலிசபெத் 18இல். மூன்றும் ஆவணப்படியானவை.

அந்தப் பேத்தியிடம் வரும்போது நாள்காட்டியைக் கவனியுங்கள். சூசன்னாவின் கல்யாணம் 1607 ஜூன் 5. எலிசபெத்தின் ஞானஸ்நானம் பதிவேட்டில் 1607 பிப்ரவரி 21. அப்படியே எடுத்தால் கல்யாணத்துக்கு மூன்றரை மாதம் முன்பே குழந்தை பிறந்ததாகிவிடும். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான், 1752இல்தான் ஜனவரிக்கு மாறினார்கள். பதிவேட்டின் 1607 பிப்ரவரி நம் கணக்கில் 1608. எட்டரை மாதம், எந்தச் சிக்கலும் இல்லை. ஜனவரி முதல் தேதியிலிருந்து மார்ச் 24வரை உள்ள எந்தத் தேதியிலும் இந்த ஒரு வருஷத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் வயதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆகவே படத்தில் வில்லியம்–ஆன் கோட்டில் '1582 நவம்பர் 28, ஜாமீன் பத்திரம்' என்று எழுதுங்கள், பக்கத்தில் மாப்பிள்ளைக்கு 18, பெண்ணுக்கு '26 அல்லது 27, கல்லறைத் தகட்டின்படி'. ஜான்–மேரி கோட்டில் '1556 நவம்பருக்குப் பின், 1558 செப்டம்பருக்கு முன்' என்று போட்டுவிட்டு, மேரியின் வயதுக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். ஷேக்ஸ்பியரின் தங்கை ஜோனுக்கும் வில்லியம் ஹார்ட்டுக்கும் நடந்த கல்யாணத்துக்கும் பதிவு இல்லை. 1558இல் பிறந்த அக்கா ஜோன் வேறு, இந்தத் தங்கை பிறந்தது 1569, இவருடைய மூத்த மகனின் ஞானஸ்நானம் 1600 ஆகஸ்ட் 28. அதிலிருந்து கல்யாணத்தின்போது அவருக்கு முப்பதை ஒட்டி இருக்கும் என்று வருகிறது. அந்த ஊருக்கு அது இயல்பான வயதுதான், தயங்காமல் '1600க்குச் சற்று முன்' என்று போடலாம்.