வங்கி கேட்கும் பழைய வரி மதிப்பீட்டு நகல்

“சாட்ஸ்வொர்த்தில் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக் கடனுக்கு இரண்டு வருட மதிப்பீட்டு உத்தரவும், வரி கட்டிய விவரமும் சான்றிட்ட நகலாக வேண்டுமாம். எங்கே வாங்குவது?”

இரண்டும் வேறு வேறு தாள்கள். மதிப்பீட்டு உத்தரவு என்பது ITA34. கட்டிய பணம், வட்டி, திரும்பக் கிடைத்தது எல்லாம் ITSA என்ற கணக்கு அறிக்கையில் வரும். இரண்டையும் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸின் ஈ-ஃபைலிங் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

பலர் தவறுவது வருடத்தில்தான். 2024 வரி ஆண்டு என்றால் 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை. வங்கி எந்த ஆண்டைக் கேட்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம், உங்கள் கணக்கைச் சார்ஸ் திருத்தியிருந்தால் ஒரே ஆண்டுக்கு இரண்டு ITA34 இருக்கும். தேதி பார்த்துக் கடைசியாக வந்ததையே கொடுங்கள். பழையதைக் கொடுத்தால், அதிலுள்ள வரித் தொகையும் ITSA-வில் உள்ள தொகையும் ஒத்துப்போகாது; வங்கி திருப்பி அனுப்பிவிடலாம்.

கட்டிய தொகை ITSA-வில் காணவில்லையா? பணம் அனுப்பும்போது போட்ட குறிப்பு எண்ணைச் சரிபாருங்கள். எண் தவறினால் பணம் வேறு கணக்கில் கிடக்கும். ரசீதோடு சார்ஸிடம் மாற்றச் சொல்ல வேண்டும். இதற்கு நாளாகும், முதலிலேயே பாருங்கள்.

சான்று முத்திரை போலீஸ் நிலையத்தில் இலவசம். மூலத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள், ஆகவே ஈ-ஃபைலிங்கைப் போனில் திறந்து காட்டத் தயாராகப் போங்கள்.