நண்பனை வீட்டில் தங்க வைக்க ஓனர் எழுதித்தான் தரணுமா?

"வேளச்சேரியில் ரெண்டு பெட்ரூம் வீடு, வாடகை 18,000. ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு ரூமில் தங்கி மாசம் 8,000 தர்றேன்னு சொல்றான். ஓனர் போனில் 'சரி தம்பி'ன்னு சொல்லிட்டார். அது போதாதா?"

போதாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது), வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடுவதற்கு முன்பே உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அது இல்லாமல் வீட்டை அடுத்தவர் கையில் கொடுத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களைக் காலி செய்யச் சொல்லி அவர் வழக்குப் போடலாம். வாடகை பாக்கி எதுவும் இருக்க வேண்டியதில்லை.

நண்பர் வந்து தங்குவது எல்லாமே உள்வாடகை ஆகிவிடாது. வீடு உங்கள் கைவசம் இருக்கிறதா, அதில் ஒரு பகுதி அவர் கைக்குப் போய்விட்டதா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். நீங்களும் அங்கேயே இருந்து, எல்லா அறைகளிலும் புழங்கி, செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் அதை உள்வாடகை என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் நான் பார்த்த ஒரு வழக்கில் அந்த அறைக்குத் தனிப் பூட்டு, சாவி நண்பரிடம் மட்டும், ஒவ்வொரு மாதமும் ஜிபேயில் 'ரூம் ரென்ட்' என்று குறிப்பு. ஓனர் தரப்பு பூட்டின் போட்டோவையும் அந்த ஸ்க்ரீன்ஷாட்களையும் தாக்கல் செய்த பிறகு வாடகைதாரரால் பதில் சொல்லவே முடியவில்லை. அப்புறம், 'குடும்பத்தினர் மட்டும்' என்று உங்கள் அக்ரிமென்ட்டில் இருந்தால், உள்வாடகை இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். அதை முதலில் எடுத்துப் படியுங்கள்.

போனில் சரி சொன்ன பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் வீட்டை விற்றாலோ, அவருக்குப் பின் மகன் பார்க்க வந்தாலோ, அந்தப் பேச்சுக்கு யார் சாட்சி? அப்படி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒரு பக்கம் எழுதி வாங்கினால் போதும். வீட்டு எண், நண்பரின் முழுப்பெயர், எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, உங்களுக்கு மாதம் எவ்வளவு தருகிறார், இதற்கு ஓனர் சம்மதிக்கிறார் என்ற வரி, தேதியோடு அவர் கையெழுத்து. உடனே பார்த்துக் கையெழுத்து வாங்க முடியாவிட்டால் இதே விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அவரிடம் பதில் வாங்கி வையுங்கள், ஆனாலும் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். உள்வாடகை என்றால் அது தொடங்கியதையும் பிறகு முடிந்ததையும் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் வாடகை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

நண்பர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்றால், பழைய தேதி போட்டு எழுதி வாங்காதீர்கள். இன்றைய தேதி போட்டு, இவர் இன்ன நாளிலிருந்து தங்கியிருப்பது தனக்குத் தெரியும், ஆட்சேபணை இல்லை என்று ஓனரை எழுதித் தரச் சொல்லுங்கள்.