மூன்று பை ஓ ரத்தம் ஏன் சேரவில்லை?

*அக்கா, எனக்கு ஓ பாசிட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். 17 வயது மகன் பாலிடெக்னிக் நண்பர்களோடு போய் ரத்த தானம் செய்தான். அவனுக்கு ஏபி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அப்படி வர வாய்ப்பே இல்லை என்று கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியார் ஜாடை பேசுகிறார். நான் எந்தத் தப்பும் செய்யாதவள். மகனுக்குத் தெரியாமல் அவன் முடியை எடுத்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பி இவர்கள் வாயை அடைத்துவிடலாமா? எனக்கு உடம்பும் சரியில்லை. பிரசவம் ஊரில் அம்மா வீட்டில் நடந்தபோதே ரத்தம் நிறையப் போய், 3 பை ஓ ரத்தம் கொண்டுவந்தும் எதுவும் சேரவில்லை என்று ஏற்றாமலே விட்டுவிட்டார்கள். பிழைத்ததே பெரிது. இப்போது கர்ப்பப்பைக் கட்டிக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், அதை இன்னும் கணவரிடம் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.*
*– பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்*

கணவர், மாமியார், டிஎன்ஏ எல்லாம் அப்புறம். அந்த மூன்று பை விஷயத்தை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். கட்டிய கணவரிடமே ஆபரேஷனை மறைக்கிறவர், 17 வருடத்துக்கு முன்னால் ஊரில் நடந்ததை டாக்டரிடம் எங்கே சொல்லப்போகிறீர்கள்? உங்கள் கடிதத்தில் ஒரு வரியாகப் போகிற போக்கில் எழுதிய அந்தச் சம்பவத்தில்தான் மகனின் ரத்த வகைக்கும் பதில் இருக்கிறது, உங்கள் உயிருக்கான ஆபத்தும் இருக்கிறது.

முதலில் உங்கள் கணவர் போட்ட கணக்கைப் பார்ப்போம். ஏபி பிள்ளைக்கு ஏ ஒரு பக்கமிருந்தும் பி இன்னொரு பக்கமிருந்தும் வரவேண்டும். உண்மையான ஓ வகைத் தாயிடம் கொடுக்க ஏ-யும் கிடையாது, பி-யும் கிடையாது. அப்படியானால் அந்தத் தாய்க்கு எந்த ஆண் மூலமாகவும் ஏபி பிள்ளை பிறக்காது. இதை அவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்தாரா? அவர் சந்தேகப்படுகிற விஷயம் நடந்திருந்தாலும் மகன் ஏபி ஆகியிருக்க முடியாது. பி அவரிடமிருந்து வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஏ உங்களிடமிருந்துதான் வந்தாகவேண்டும். ஆக, கேள்வி கேட்கவேண்டியது உங்கள் நடத்தையை அல்ல, உங்கள் ரத்தத்தை ஓ என்று எழுதிக்கொடுத்த அந்தச் சீட்டை. (ஏ-யும் பி-யும் ஒட்டியபடி ஒரே பக்கமிருந்து வரும் மரபணு ஒன்றும் உலகத்தில் உண்டு. மிக மிக அரிது, தவிர உங்களுக்கு ரத்தம் சேராமல் போனதை அது விளக்காது.)

சீட்டில் எழுத்துப் பிழை, நீங்கள் உண்மையில் ஏ வகை என்று வைத்துக்கொள்ளலாமா? மகன் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஏ வகைக்காரருக்கு ஓ ரத்தம் சேரும். கொண்டுவந்த மூன்று பையில் ஒன்றுகூடச் சேராமல் போயிருக்காது. சில பேர் ரத்தத்தில் வேறு ஏதாவது எதிர்ப்பொருள் உருவாகி ஒரு பை, இரண்டு பை ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் முன்பே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் சில பிரசவம் பார்த்தவர்களுக்கும் வருவது. உங்களுக்கோ அது முதல் பிரசவம். ஓ போலத் தெரியும் தாய், ஓ ரத்தமே சேராத உடம்பு, ஏபி பிள்ளை. மூன்றையும் ஒன்றாக வைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பம்பாய் ரத்த வகை. பரிசோதிக்காமல் அதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை, ஆனால் பரிசோதிக்காமல் நீங்கள் ஆபரேஷன் மேசையில் படுக்கக்கூடாது.

1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்து எழுதியதால் அந்தப் பெயர். சிவப்பணுவின் மேல் ஏ, பி என்று நாம் சொல்வதெல்லாம் சின்னச் சின்னச் சர்க்கரைத் துணுக்குகள்தான். அவை நேராக அணுவில் ஒட்டாது. அடியில் ஹெச் என்றொரு அமைப்பு இருக்கவேண்டும், அதன் மேல்தான் ஒட்டும். ஓ வகைக்காரர்களுக்கு ஹெச் மட்டும் இருக்கும், மேலே எதுவும் சேர்ந்திருக்காது. சுவர் இருந்தால்தானே சித்திரம்? பம்பாய் வகைக்காரர்களுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஏ மரபணு உள்ளே முழுசாக இருந்தாலும் ஏ-யை ஒட்டவைக்க இடம் இல்லாததால் சாதாரணச் சோதனையில் ஏ தெரியாது, பி தெரியாது, எல்லாரும் ஓ என்று எழுதிவிடுவார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, ஹெச்சை உருவாக்கும் மரபணுவும் ஏ, பி-யைத் தீர்மானிக்கும் மரபணுவும் வேறு வேறு குரோமோசோமில் இருக்கின்றன. ஒன்று 19-இல், இன்னொன்று 9-இல். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைக்குப் போகும். என் ஊகம் சரி என்றால் உங்களிடம் ஒரு ஏ மரபணு சும்மா மறைந்து கிடக்கிறது. ஹெச் மரபணு மட்டும் அம்மா வழியிலிருந்தும் அப்பா வழியிலிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்திருக்கிறது. மகன் உருவானபோது நீங்கள் அந்த ஏ-யையும் பழுதான ஹெச் ஒன்றையும் கொடுத்தீர்கள். உங்கள் கணவர் பி-யையும் நல்ல ஹெச் ஒன்றையும் கொடுத்தார். நல்ல ஹெச் ஒன்று போதும், மகன் உடம்பில் சுவர் எழும்பிவிட்டது, உங்களுக்குள் வெளியே தெரியாமலிருந்த ஏ அவனிடம் தெரிந்துவிட்டது, பக்கத்தில் அப்பாவின் பி-யும் வந்து நின்றது. ஏபி. இந்தக் கணக்கு சரியாக வருவதற்கே உங்கள் கணவர் அவனுக்குத் தகப்பனாக இருந்தால் போதும்.

உங்கள் அம்மா அப்பா சொந்தத்தில் மணந்தவர்களா என்று கேட்டுப் பாருங்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று ஒரே குடும்பத்துக்குள் கொடுத்து வாங்கினால் ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்குக்கூட இருக்குமா என்று தேடவேண்டிய இந்த வகை, இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். இது நோய் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது, ரத்தம் ஏற்றவேண்டிய நாள் வரும்வரை.

அந்த நாள்தான் உங்களுக்கு அடுத்த மாதம் வரலாம். தன்னிடம் இல்லாத ஹெச்சுக்கு எதிராக இந்த உடம்பு எதிர்ப்பொருளை இயற்கையாகவே வைத்திருக்கும். ஹெச் மிக அதிகமாக இருப்பது ஓ ரத்தத்தில். எல்லாருக்கும் சேரும் என்று அவசரத்தில் ஓடிப்போய் எடுக்கிற அதே பைதான் உங்களுக்கு மிக மோசமானது. ஏற்றினால் புதிதாக வந்த அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும். குளிர் காய்ச்சல், முதுகுவலி, கறுத்த சிறுநீர், பிறகு சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு ஊரில் யாரோ ஒருவர் அவசரம் என்று விட்டுவிடாமல் பைகளைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையை ஒழுங்காகச் செய்தார், அதனால்தான் இந்தக் கடிதம் எழுத நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சேருவது இன்னொரு பம்பாய் வகைக்காரரின் ரத்தம் மட்டும்தான்.

இங்கே எந்த மருத்துவமனையும் ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்துச் சோதிக்கும், அதில் தெரிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். தெரியும்தான். சோதனைக்கு வைத்திருப்பதே ஓ அணுக்கள், உங்கள் ரத்தத்தோடு சேர்த்ததும் எல்லாமே திரளும். ஆனால் ஆபரேஷனுக்கு முதல் நாள் தெரிந்து என்ன செய்ய? ரத்தம் எங்கிருந்து வரும்? அதனால் நாளைக்கே கிளினிக்குக்குப் போன் போட்டு, “பிரசவத்தில் மூன்று பை ஓ ரத்தம் சேரவில்லை, மகன் ஏபி, எனக்கு ஓ என்று எழுதியிருக்கிறார்கள், பம்பாய் வகையா என்று பார்க்கவேண்டும்” என்று சொல்லுங்கள். ஆன்டி-ஹெச் என்றொரு சோதனைத் திரவம் இருக்கிறது, ஒரு புதர்ச்செடியின் விதையிலிருந்து எடுப்பது. சாதாரண ஓ அணுக்கள் அதில் நன்றாகத் திரளும், பம்பாய் அணுக்கள் அசையாது. அதோடு உங்கள் ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தை ஓ அணுக்களோடு சேர்த்தும் பார்ப்பார்கள். உறுதியானால் ஊட்ரம் ரோட்டில் இருக்கும் ரத்த வங்கிக்கு டாக்டரே தெரியப்படுத்துவார். கட்டிக்கு அவசரம் இல்லையென்றால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, இரும்புச்சத்து ஏற்றி ரத்தத்தைக் கூட்டி, முடிந்தால் உங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைப்பதற்கும், ஆபரேஷனில் வழியும் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் கருவிக்கும் ஏற்பாடு செய்யலாமா என்று கேளுங்கள்.

சரி, டிஎன்ஏ. வேண்டாம். மகன் தூங்கும்போது முடியைத் திருடி அவனைச் சாட்சிப் பொருளாக்குகிற வேலை ஒரு தாய் செய்யக்கூடியது இல்லை. அவன் பிறப்பைப் பற்றிய விஷயம், அவனுக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. அதைவிட, அந்தச் சோதனை அவன் உங்கள் இருவரின் பிள்ளை என்று சொல்லும், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன ரத்தம் ஏற்றலாம் என்று சொல்லாது. நீங்கள் ஜெயித்துவிட்டு மேசையில் போய்ப் படுப்பீர்கள்.

கணவரிடம் ஆபரேஷனை இன்றைக்கே சொல்லுங்கள். கோபத்தில் மறைத்தீர்கள், புரிகிறது, ஆனால் தவறு. அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். ஐயா, 17 வருடம் கூட வாழ்ந்தவளின் சொல்லை விட ஒரு துண்டுச் சீட்டு பெரிதாகிவிட்டதா? டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போகவேண்டும். பரிசோதனை முடிவு வந்ததும் உங்கள் அம்மாவிடம் விளக்கவேண்டியவரும் நீங்கள்தான், மருமகள் இல்லை. ஜாடைப் பேச்சு உங்கள் காது கேட்க நடந்திருக்கிறது, அதை நிறுத்தாமல் விட்டது உங்கள் குறை.

அப்புறம் ஊரில் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். உங்களுக்கு உறுதியானால் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அவர்கள் பரிசோதித்துக்கொள்வது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் ரத்தம் கிடைக்க ஒரு வழி. மகனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அவன் ரத்தம் நல்ல ஏபிதான், தானம் செய்துகொண்டே இருக்கலாம். ஆனால் பழுதான ஹெச் ஒன்று அவனிடம் இருக்கும், அதனால் உங்கள் அண்ணன் தம்பி மகளை அவனுக்கு முறைப்பெண் என்று யாரும் பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், காரணத்தை அவனிடமே சொல்லுங்கள்.